உள்ளூர் ரசிகருக்கு ஒரு வழி, கடல் கடந்தவருக்கு ஒரு வழி: சிறிய யூடியூப் சேனலுக்கு ஆதரவுப் பணம் வந்து சேர்வது எப்படி

மதுரையைச் சுற்றிச் சிறிய சேனல் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். யூடியூபின் உறுப்பினர் திட்டத்தைத் திறப்பதா, அல்லது கோ-ஃபை, பேட்ரியான் போன்ற வெளித் திரள்நிதித் தளத்தில் பக்கம் தொடங்குவதா? கேட்டவுடனே யார் எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த ஒப்பீடு அவசியம்தான், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அதுவல்ல. பணம் தரப்போகிற ரசிகர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் முதல் விஷயம். இந்தியாவில் வாழும் படைப்பாளிக்கு மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுவே.

காரணம் எளிது. கோ-ஃபை பணத்தைத் தானே வாங்கி வைத்துக்கொள்வதில்லை. நீங்கள் இணைத்திருக்கும் பேபால் அல்லது ஸ்ட்ரைப் கணக்குக்கு நேராக அனுப்பிவிடுகிறது. ஸ்ட்ரைப் இந்தியாவில் புதியவர்களை அழைப்பின் பேரில் மட்டுமே சேர்க்கிறது. ஒற்றை ஆளாகச் சேனல் நடத்துகிறவர் அதை நம்பியிருக்க முடியாது. மிஞ்சுவது பேபால். அந்த பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குப் பணம் வரலாம், கே.கே. நகரில் இருப்பவர் திருமங்கலத்தில் இருப்பவருக்கு பேபால் வழியே ஒரு ரூபாய்கூட அனுப்ப முடியாது. ஆகவே அழகாக ஒரு கோ-ஃபை பக்கம் திறந்து, அதை உள்ளூர்ப் பார்வையாளர்களிடம் காட்டினால், அவர்கள் பொத்தானை அழுத்தி, கார்டு எண்ணைத் தட்டி, பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பலர் உங்களிடம் சொல்லக்கூட மாட்டார்கள். பக்கத்துக்கு ஆட்கள் வந்தும் ஒரு காசும் சேரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரசிகர்களின் மனத்தை அல்ல, இந்தத் தடையை.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கற்பனைச் சேனலை எடுத்துக்கொள்வோம். மேலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் மதுரையைச் சுற்றியுள்ள மலைகளைப் படம்பிடிக்கிறார்: கீழக்குயில்குடி சமணர் மலை, மாங்குளத்துத் தமிழி கல்வெட்டுகள், அரிட்டாபட்டி. சந்தாதாரர்கள் 4,200 பேர். பார்வையாளர்களில் பெரும்பகுதி தமிழ்நாடு; மீதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, கனடா.

முதல் வேலை: பார்வையாளர் எங்கே என்று பாருங்கள்

யூடியூப் ஸ்டூடியோவில் Analytics பக்கத்துக்குப் போய், Audience பகுதியில் கடைசி 90 நாள்களுக்கான நாட்டு வாரிப் பட்டியலைப் பாருங்கள். ஒரே ஒரு வீடியோ பரவலாக ஓடியிருந்தால் அந்தக் காலகட்டம் ஏமாற்றும். அப்போது ஓராண்டுக் கணக்கைப் பாருங்கள். பிறகு கருத்துரைகளைப் புரட்டுங்கள். "ஊருக்கு வந்தால் இந்த மலைக்குப் போக வேண்டும்" என்று எழுதுகிறவர் வெளிநாட்டில் இருப்பவர். பட்டியலில் அவர்கள் பத்தில் ஒரு பங்காக இருக்கலாம். ஆனால் ஊரை விட்டுப் பிரிந்தவர்கள் ஊரைக் காட்டுகிறவருக்குப் பணம் தரத் தயங்குவது குறைவு என்பது என் கணிப்பு.

இரண்டு கூட்டமும் இருந்தால் இரண்டு வாசல் வேண்டும். மூன்றாவது வேண்டாம், தளங்களின் பெயர்களைப் பத்து வரிக்கு அடுக்கி வைத்திருக்கும் விவரக் குறிப்புகளைப் பார்த்தால் எனக்கே எதையும் அழுத்தத் தோன்றுவதில்லை.

உள்ளூர் வாசல்: உறுப்பினர் திட்டமும் யூபிஐயும்

உறுப்பினர் திட்டம் என்பது வீடியோவுக்குக் கீழே தெரியும் Join பொத்தான். அதைப் பெற யூடியூப் பார்ட்னர் திட்டத்தின் முதல் படியில் சேர வேண்டும். 500 சந்தாதாரர்கள், கடந்த 90 நாள்களில் 3 பொது வீடியோக்கள், அத்துடன் ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாள்களில் 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வைகள். உங்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். சேனல் குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்டிருந்தால் இந்தப் பொத்தான் கிடைக்காது. பாட்டுக் கதை, தாலாட்டு என்று நடத்துகிறவர்கள் இதைத் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். தகுதி வந்ததும் ஸ்டூடியோவில் Earn பகுதியில் Memberships என்பதைத் திறந்து, ஒப்பந்தத்தை ஏற்று, நிலைகளையும் சலுகைகளையும் அமைக்கலாம்.

நம் மலைச் சேனல் மாதம் 59 ரூபாய் என்று ஒரே நிலை வைக்கிறது என்று கொள்வோம். 59 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் 50. அதில் 70 சதவீதம் படைப்பாளிக்கு, அதாவது 35 ரூபாய். முப்பது உறுப்பினர்கள் சேர்ந்தால் மாதம் 1,050 ரூபாய். ஐபோன் செயலிக்குள் சேர்பவர்கள் விஷயத்தில் ஆப்பிளின் கட்டணமும் குறுக்கே வரும். அதனால் உலாவியில் யூடியூபைத் திறந்து சேரும்படி ஐபோன்காரர்களிடம் சொல்வது நல்லது.

இந்த 1,050 ரூபாய் மாதாமாதம் கைக்கு வராது. விளம்பர வருமானமும் உறுப்பினர் பணமும் கூகுளின் ஒரே ஆட்சென்ஸ் கணக்கில் சேர்ந்து, 100 டாலரைத் தாண்டிய பிறகுதான், அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கு மேல் வங்கிக்குப் புறப்படும். டாலரைக் கணக்குக்காக 85 ரூபாய் என்று வைத்தால் அது 8,500 ரூபாய். விளம்பர வருமானம் இல்லாத சேனல் உறுப்பினர் பணத்தை மட்டும் நம்பினால் எட்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் மைக் வாங்கலாம் என்று திட்டமிடுகிறவருக்கு இது சரிப்பட்டு வராது.

அப்படியானால் Join பொத்தானால் என்ன பயன்? ரசிகர் வீடியோவை விட்டு நகராமலே சேர்ந்துவிடுகிறார். யாருக்குப் பணம் போகிறது என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. பெயருக்கு அருகே சின்னம் தெரிகிறது, அது மற்றவர்களையும் சேர வைக்கிறது. திருவிழா வீடியோ எடுப்பவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. சித்திரைத் திருவிழாவில் ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டு உங்கள் பதிவில் ஏறிவிட்டால், காப்புரிமைக் கோரல் விழுந்து அந்த வீடியோவின் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம். உறுப்பினர் பணம் எந்த ஒரு வீடியோவுடனும் கட்டப்படாதது. அது அப்படியே இருக்கும். ஆனால் கோரல் வேறு, காப்புரிமை எச்சரிக்கை வேறு. 90 நாள்களுக்குள் மூன்று காப்புரிமை எச்சரிக்கைகள் விழுந்தால் சேனலே முடக்கப்படலாம், அதனுடன் உறுப்பினர்களும் போய்விடுவார்கள். அவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை யூடியூப் உங்களுக்குத் தருவதில்லை. தேடிப் பிடிக்க வழி இருக்காது.

சலுகைகளிலும் கவனம் தேவை. ஒரு ரசிகரைத் தனியாக நேரில் சந்திப்பது, குலுக்கல் பரிசு ஆகியவற்றை உறுப்பினர் சலுகையாக அறிவிக்க யூடியூப் விதி அனுமதிப்பதில்லை. "உறுப்பினரானால் உங்களைச் சமணர் மலைக்கு அழைத்துப் போகிறேன்" என்று தனித்தனியாக வாக்குக் கொடுத்தால் சிக்கல். வீடியோவை மற்றவர்களைவிட இரண்டு நாள் முன்னதாக உறுப்பினர்களுக்குக் காட்டுவது, உறுப்பினருக்கு மட்டும் மாதம் ஒரு பதிவு எழுதுவது போன்றவை போதும். மாதம் ஒரு கூடுதல் வீடியோ என்று அறிவித்துவிட்டு, ஆடி மாதம் வேலை நெருக்கடியில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். உங்கள் மோசமான மாதத்தில் எது முடியுமோ அதை மட்டும் அறிவியுங்கள்.

இன்னொரு தடங்கலையும் எதிர்பாருங்கள். ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று விதிகள் 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளன. மாதத் தொகை எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்துச் சிலர் ரத்து செய்வார்கள். சிலருக்குக் கணக்கில் பணம் இருக்காது. யாருக்கும் உங்கள்மேல் கோபமில்லை. ஒரே வாரத்தில் பலர் போனால் உள்ளடக்கத்தைச் சந்தேகிக்கலாம். மாதம் முழுக்க ஒருவர் இருவராக உதிர்ந்தால் பெரும்பாலும் பணம் எடுக்கும் இடத்தில்தான் கோளாறு. வீடியோவில் ஒருமுறை, "உங்கள் உறுப்பினர் நிலை தொடர்கிறதா என்று பாருங்கள்" என்று சொன்னால் சிலர் திரும்பி வருவார்கள்.

உறுப்பினர் தகுதி வராதவர்களுக்கும், மாதக் கடமை வேண்டாம் என்கிற ரசிகர்களுக்கும் யூபிஐ இருக்கிறது. 59 ரூபாய் அனுப்பினால் 59 ரூபாயும் வந்து சேரும். ஆனால் மூன்று ஏற்பாடுகளைச் செய்யாமல் முகவரியை வெளியிடாதீர்கள். செல்போன் எண் இல்லாத யூபிஐ முகவரி ஒன்றைச் செயலியில் உருவாக்குங்கள். இல்லையென்றால் உங்கள் எண் ஊருக்கே தெரிந்துவிடும். அந்த முகவரியைக் குடும்பச் செலவு நடக்காத தனிச் சேமிப்புக் கணக்குடன் இணையுங்கள். மோசடிப் பணம் கை மாறி வந்த கணக்குகளைச் சைபர் குற்றப் பிரிவின் கோரிக்கையில் வங்கிகள் முடக்குவது உண்டு. அறியாத ஒருவர் அனுப்பிய 200 ரூபாயால் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் நின்றுபோகக் கூடாது. மூன்றாவது, முகவரியைப் பின் செய்த கருத்துரையில் எழுத்தாகவே எழுதுங்கள். க்யூஆர் படத்தை வீடியோவில் காட்டினால், அதே செல்போனில் பார்த்துக்கொண்டிருப்பவர் எப்படி ஸ்கேன் செய்வார்? உங்கள் படத்தையும் பெயரையும் போட்டுக்கொண்டு வேறு யூபிஐ முகவரியைப் பதிலாக எழுதும் போலிகள் வருவார்கள். வாரம் ஒருமுறையாவது கருத்துரைகளைத் துழாவி அவற்றை நீக்குங்கள்.

கொஞ்சம் முறையாக வேண்டும் என்றால் ரேசர்பே போன்ற நிறுவனங்களின் பணம் செலுத்தும் பக்கத்தைத் தனிநபரும் பான் எண்ணைக் கொண்டு திறக்கலாம். வழக்கமான கட்டணம் 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும். 59 ரூபாயில் ஒன்றரை ரூபாய்கூடப் போகாது. ரசிகரின் மின்னஞ்சலும் கிடைக்கும்.

கடல் கடந்த வாசல்: கோ-ஃபை

வெளிநாட்டு ரசிகருக்கு நான் கோ-ஃபையையே முதலில் சொல்வேன். ஒருமுறை தரும் தொகையில் அந்தத் தளம் எதுவும் எடுத்துக்கொள்வதில்லை; மாத உறுப்பினர் முறையில் இலவசக் கணக்குக்கு 5 சதவீதம். பேட்ரியானில் 2025 ஆகஸ்ட் 4க்குப் பிறகு பக்கம் தொடங்குபவர்களுக்கு 10 சதவீதம், அதற்குமேல் கார்டு கட்டணம் தனி. பேட்ரியான் பல நிலைகளையும் தொடர் வெளியீடுகளையும் நடத்துவோருக்கு நல்ல கருவி. மாதம் இரண்டு வீடியோ போடும் மலைச் சேனலுக்கு அவ்வளவு தேவையில்லை. கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்கவே முடியாது, அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

முதலில் பேபால் கணக்கு. பான், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி ஆகியவற்றைக் கொடுத்துச் சரிபார்த்த பிறகு, பணம் எதற்காக வருகிறது என்ற நோக்கக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். இந்தியாவில் தனிநபர் நன்கொடை வாங்க பேபால் இடம் கொடுப்பதில்லை. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னால் நிற்கிறது. வழக்கமான தொழிலில் கொடுத்த பொருளுக்கோ சேவைக்கோ வரும் கட்டணம் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வராது. ஆகவே பணத்துக்கு ஈடாக உண்மையிலேயே ஏதாவது கொடுங்கள். நம் சேனல் 5 டாலருக்கு ஒரு மலையின் பெரிய அளவுப் புகைப்படத் தொகுப்பும், பாதை வரைபடமும், கல்வெட்டு வாசகமும் தரலாம். சேவைக் கட்டணம் என்று கணக்கில் எழுதினால் அது உண்மையாகவே சேவைக் கட்டணமாக இருக்கும். கோயில் திருப்பணிக்கு, பள்ளிக்கு, மலையைக் காக்கும் போராட்டத்துக்கு என்று சொல்லி இந்தப் பக்கத்தில் வெளிநாட்டுப் பணம் கேட்கவே கேட்காதீர்கள். நோக்கம் எவ்வளவு நல்லதானாலும் அது வேறு சட்டக் கணக்கு.

பிறகு கோ-ஃபை பக்கத்தைத் திறந்து பேபாலை இணைத்து, குறைந்தபட்சத் தொகையை வையுங்கள். தொகையை ஏன் மிகச் சிறியதாக வைக்கக் கூடாது என்பதைக் கணக்கே சொல்லும். வெளிநாட்டுப் பணத்துக்கு பேபால் எடுப்பது சுமார் 4.4 சதவீதமும் அதோடு 30 சென்ட்டும். ஒரு டாலர் வந்தால் 34 சென்ட் கட்டணத்திலேயே கரைந்துவிடும். 5 டாலர் வந்தால் 52 சென்ட் போய் 4.48 டாலர் மிஞ்சும். பேபால் தன் மாற்று விகிதத்தில் ரூபாயாக்கும். அது சந்தை விகிதத்தைவிடச் சில சதவீதம் குறைவு. 4 சதவீதம் குறைவு என்று வைத்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 365 ரூபாய்.

இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முப்பது உள்ளூர் உறுப்பினர்கள் தருவது மாதம் 1,050 ரூபாய். வெளிநாட்டிலிருந்து ஆறு பேர் தலா 5 டாலர் அனுப்பினால் சுமார் 2,190 ரூபாய். அதே ஆறு பேர் சிங்கப்பூரில் Join பொத்தானை அழுத்தி அதே அளவு தொகை கட்டினால், அந்நாட்டு வரி 9 சதவீதமும் யூடியூபின் 30 சதவீதமும் போக ஒருவருக்கு 270 ரூபாய்ச் சொச்சம்தான் தேறும். அதுவும் ஆட்சென்ஸின் 100 டாலர் வரம்புக்குக் காத்திருக்கும். பேபால் பணமோ தானாகவே அடிக்கடி வங்கிக்கு வந்துவிடும். ஆகவே வெளிநாட்டு ரசிகர்களை கோ-ஃபைக்கும் உள்ளூர் ரசிகர்களை Join பொத்தானுக்கும் யூபிஐக்கும் அனுப்புவதே என் பரிந்துரை.

எங்கே எப்படிச் சொல்வது

சேனல் முகப்பின் இணைப்புகளில் கோ-ஃபை முதலில் இருக்கட்டும். நீள வீடியோவின் விவரக் குறிப்பின் முதல் இரண்டு வரிகளில், "இந்தியாவில் இருப்பவர்கள் Join அல்லது யூபிஐ, வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த இணைப்பு" என்று பிரித்தே எழுதுங்கள். ஷார்ட்ஸில் எழுதி வைத்துப் பயனில்லை. அதன் குறிப்பிலும் கருத்துரையிலும் உள்ள இணைப்புகளை அழுத்த முடியாதபடி யூடியூப் 2023 ஆகஸ்ட் இறுதியிலேயே மாற்றிவிட்டது.

வீடியோவுக்குள் கேட்கும்போது என்ன செலவு என்று சொல்லுங்கள். "ஆதரவு தாருங்கள்" என்பதைவிட "மாங்குளத்துக் குகையில் காற்று இரைச்சல் இல்லாமல் பேச ஒரு மைக் வேண்டும், இவ்வளவு விலை" என்பது நேராகப் போய்ச் சேரும். வாங்கியதும் அந்த மைக்கில் பேசி வீடியோ போடுங்கள்.

கணக்கு

ஆட்சென்ஸில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டவர்கள் உண்டு. தனிநபருக்கு அது W-8BEN. நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வந்த பகுதிக்கு மட்டும், இந்தியாவுடனான ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கப்படலாம். பான் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் முடிகிற வேலை இது.

இந்தியாவில் இந்தப் பணம் எல்லாமே வருமானக் கணக்கில் காட்ட வேண்டியதுதான். "ரசிகர் அன்பாகத் தந்தது, பரிசு" என்று சொன்னாலும், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் வந்த பரிசுப் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வரிக்கு உட்படும். ஈடாகப் படத் தொகுப்பு கொடுத்திருந்தால் அது பரிசும் அல்ல. சேவைகளுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். சிறிய சேனல் அதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம்.

ஒரு நோட்டில் அல்லது விரிதாளில் நான்கு பத்திகள் போதும்: தேதி, வந்த வழி, கைக்கு வந்த ரூபாய், ஈடாகக் கொடுத்தது. வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றை பேபால் மாதாமாதம் வழங்குகிறது. அதைத் தரவிறக்கி அதே கோப்புறையில் வையுங்கள். கார்டு வைத்திருந்தவர் பின்னால் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்டால், படத் தொகுப்பை அனுப்பிய மின்னஞ்சலும் இந்த நோட்டும்தான் பேபாலிடம் காட்ட உங்களிடம் இருக்கும் ஆதாரம். முன்பின் தெரியாதவர் திடீரென 200 டாலர் அனுப்பிவிட்டு, "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், பாதியை வேறு கணக்குக்குத் திருப்புங்கள்" என்று எழுதினால் வேறு கணக்குக்கு எதுவும் அனுப்பாதீர்கள். பேபாலிலேயே அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து, Refund பொத்தானை அழுத்தி முழுத் தொகையையும் வந்த வழியே திருப்பிவிடுங்கள்.